164 வீட்டுக்கும் ஒரே மெயில்: சிசி, பிசிசி, ரிப்ளை ஆல் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 164 வீடுகள். சங்கத்தின் மெயில் பொறுப்பு நான்கு வருடமாக என் தலையில் இருக்கிறது. லிஃப்ட் சர்வீஸ் எப்போது, தண்ணீர் லாரிக்கு எவ்வளவு ஆனது, பொதுக்குழு எந்தத் தேதி என்று அனுப்பும் வேலைதான். ஆனால் காலாண்டுக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒரு மெயில் கைதவறிப் போகும். "சார், என் மெயில் ஐடி எப்படி எல்லார் கைக்கும் போச்சு?" என்று இன்டர்காமில் யாராவது கூப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் திரும்பத் திரும்ப வந்தவை ஐந்தே கோளாறுகள். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

படிகளை ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன். அவுட்லுக்கில் வேறு மாதிரி என்றால் அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

போகும் முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். To, Cc இரண்டிலும் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். Bcc-யில் இருப்பவர் மற்றவர் கண்ணில் படமாட்டார். யாராவது ரிப்ளை ஆல் அழுத்தினால் அது To, சிசி இரண்டுக்கும் போகும். பிசிசியில் இருந்தவர்களுக்குப் போகாது. கீழே வருகிறவற்றில் பெரும்பாலானவை இந்த வரிகளில் இருந்து கிளம்பியவைதான்.

## அறிகுறி 1: எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது

அனுப்பி அரை நிமிடம்கூட ஆகவில்லை என்றால்

திரையின் கீழ் மூலையில் Undo என்று வந்திருக்கும். அதை அழுத்துங்கள், மெயில் வரைவாகத் திரும்பி வந்துவிடும். ஜிமெயிலில் இதற்கு முதலில் கொடுத்திருக்கும் நேரம் 5 வினாடிதான். பட்டனை அழுத்தி, "ஐயையோ" என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். கணினியில் Settings, See all settings, General என்று போனால் Undo Send இருக்கும். அதை 30 வினாடி ஆக்கி, பக்கத்தின் அடியில் Save Changes கொடுங்கள். மறுபடி மெயில் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இந்த ஒரு மாற்றம் என்னை எத்தனை முறை காப்பாற்றியது என்பதற்குக் கணக்கே இல்லை.

நேரம் தாண்டிவிட்டது என்றால்

முதலில் நிஜமாகவே வெளியே தெரிந்ததா என்று பாருங்கள். பதறிப்போய் மன்னிப்பு மெயில் அனுப்பிய பிறகு, முகவரிகள் சரியாக பிசிசியில்தான் இருந்தன என்று கண்டுபிடித்தவர்களும் எங்கள் கமிட்டியில் உண்டு. Sent-இல் அந்த மெயிலைத் திறந்து, பெறுநர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கீழ்நோக்கு அம்பை அழுத்துங்கள். to, cc, bcc என்று தனித்தனியாகக் காட்டும். நீங்கள் அனுப்பியவர் என்பதால் பிசிசி பட்டியலும் உங்களுக்குத் தெரியும். அது தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், மற்றவர்களுக்குத் தெரியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் பட்டியலில் உள்ள நெருங்கிய ஒருவரைக் கூப்பிட்டு, அவர் போனில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

நிஜமாகவே தெரிந்துவிட்டது என்றால் காரணம் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பிசிசி வரி திறக்கவே இல்லை. போனில் ஜிமெயில் ஆப்பைத் திறந்தால் To மட்டும்தான் கண்ணில் படும். வலது ஓரத்து அம்பைத் தட்டினால்தான் Cc, Bcc விரியும். பஸ்ஸில் வரும்போது போனிலிருந்து சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள் எல்லாம் இங்கேதான் மாட்டுவார்கள். கணினியில் எழுதுகிறீர்கள் என்றால் Ctrl+Shift+B அழுத்துங்கள், கர்சர் நேராக பிசிசி வரிக்குப் போய்விடும்.

இரண்டாவது, கான்டாக்ட்ஸில் "எல்லா வீடுகளும்" என்று ஒரு லேபிள் போட்டு வைத்திருப்போம். அதன் பெயரை To-வில் தட்டியவுடன் 164 முகவரியும் அங்கேயே விரிந்து உட்கார்ந்துவிடும். லேபிள் என்பது குழு முகவரி இல்லை, வெறும் சுருக்கெழுத்து. அதை எந்த வரியில் தட்டுகிறோமோ அந்த வரியின் குணம்தான் அதற்கு வரும்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் மறைவானது. நீங்கள் ஒழுங்காக பிசிசி போட்டிருப்பீர்கள். ஆனால் போன வருடம் யாரோ எல்லோரையும் சிசியில் போட்டு அனுப்பிய பழைய மெயிலை ஃபார்வர்ட் செய்து அதன் மேல் எழுதியிருப்பீர்கள். அடியில் மேற்கோளாக அந்தப் பழைய பட்டியல் முழுசாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபார்வர்ட் செய்யும்போது உடலின் அடிவரை ஒரு முறை இறங்கிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது

அதே மெயிலுக்கு ரிப்ளை ஆல் போட்டு மன்னிப்பு கேட்காதீர்கள். பார்க்காதவர்களுக்கும் அந்தப் பட்டியலை மறுபடி மேலே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகும். புது மெயில் திறந்து, To-வில் உங்கள் சொந்த முகவரியைப் போடுங்கள், மற்ற எல்லோரையும் பிசிசியில் போடுங்கள், தலைப்பை மாற்றுங்கள். உள்ளே நான்கு வரி போதும்:

> இன்று மாலை அனுப்பிய மெயிலில் உங்கள் முகவரிகள் மற்றவர்களுக்குத் தெரியும்படி என் தவறால் போய்விட்டன. வருந்துகிறேன். அந்த மெயிலை அழித்துவிடுங்கள், அதற்குப் பதில் போட வேண்டாம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த மெயிலுக்குப் பதில் எழுதுங்கள், எனக்கு மட்டும் வரும்.

எப்போது வேறு ஒருவரைக் கூப்பிட வேண்டும்

வெறும் முகவரிகள் மட்டும் போனால் இந்த மெயிலோடு விட்டுவிடலாம். ஆனால் சில பட்டியல்களில் பெயர் இருப்பதே ஒரு தகவல். 2021 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற தொண்டு அமைப்புக்கு 10,000 பவுண்டு அபராதம் போட்டது. அவர்கள் 105 பேருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தார்கள். பிசிசி ஒழுங்காகப் போடாததால் முகவரிகள் எல்லோருக்கும் தெரிந்தன. 65 முகவரிகளில் ஆளின் பெயரே இருந்தது. மெயிலில் ரகசியமாக ஒரு வரி இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் இருப்பதை வைத்தே ஒருவரின் உடல்நிலையைப் பற்றி மற்றவர்கள் ஊகித்துவிட முடியும்.

அதனால் உங்கள் பட்டியல் நோயாளிகள், கடன்காரர்கள், புகார் கொடுத்தவர்கள் என்ற வகையில் இருந்தால், அல்லது இணைப்பில் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் இருந்தால், நீங்களாக எதுவும் அனுப்பாமல் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அலுவலக மெயில் என்றால் ஐடி அட்மினைப் போனில் பிடியுங்கள். நிறுவனத்துக்குள் இருக்கும் பெட்டிகளில் இருந்து ஒரு மெயிலை அழிக்கும் வசதி அவர்களிடம் இருக்கலாம். வெளியே யாரோ ஒருவரின் ஜிமெயிலுக்குப் போனதை மட்டும் எந்த அட்மினாலும் திருப்பி எடுக்க முடியாது.

## அறிகுறி 2: ஒரு மெயிலுக்கு எல்லோரும் எல்லோருக்கும் பதில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்

நான் பார்த்ததில் மோசமான ஒன்றை அப்படியே சொல்கிறேன், அதிலேயே வழியும் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6.40 மணி. எங்கள் அப்போதைய பொருளாளர் பராமரிப்புக் கட்டண பாக்கிப் பட்டியலை அனுப்பினார். 23 வீடுகளின் எண்ணும் தொகையும் அதில் இருந்தன. 164 பேரும் சிசியில். முதல் பதில் 6.52-க்கு வந்தது: "நான் 12-ம் தேதியே ஜிபே பண்ணிட்டேன், எப்படிப் பட்டியலில் என் வீடு?" அடுத்த நாள் மதியத்துக்குள் மொத்தம் 38 பதில்கள். ஒவ்வொரு பதிலும் 164 பெட்டிகளில் போய் விழுந்தது. 38-ஐ 164-ஆல் பெருக்கினால் 6,232 மெயில்.

அந்த 38-ஐயும் ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். 11 பேர் "நான் கட்டிவிட்டேன்" என்றவர்கள். 9 பேர் "பாக்கி வைத்தவர் பெயரை ஏன் ஊருக்கெல்லாம் அறிவிக்கிறீர்கள்" என்றவர்கள். 4 பேர் "நன்றி", "குறித்துக்கொண்டேன்" வகை. மிச்சம் 14 பேர், அதாவது இருப்பதிலேயே பெரிய கூட்டம், "தயவுசெய்து யாரும் ரிப்ளை ஆல் போடாதீர்கள்" என்று ரிப்ளை ஆல் போட்டவர்கள்.

இது எங்கள் குடியிருப்புக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே Bedlam DL3 என்ற பட்டியலில் இதே கதை நடந்தது. சுமார் 13,000 பேர் இருந்த பட்டியல் அது. தான் ஏன் இதில் இருக்கிறோம் என்று ஒருவர் கேட்க, "எனக்கும்தான்", "என்னையும் நீக்குங்கள்", "ரிப்ளை ஆலை நிறுத்துங்கள்" என்று ஆரம்பித்து, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மெயில் ஓடி, அவர்கள் சர்வர்களே திணறின. மெயில் மென்பொருள் செய்கிறவர்களுக்கே அந்த நிலை என்றால் எங்கள் பி பிளாக் மாமாவைக் குறை சொல்லி என்ன பயன்?

நீங்கள் பட்டியலில் ஒருவர் மட்டும்தான் என்றால்

எதுவும் எழுதாதீர்கள். ஜிமெயிலில் அந்த உரையாடலைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் Mute கொடுங்கள். அடுத்து வரும் பதில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் All Mail-இல் போய்ச் சேரும், தேவைப்பட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவுட்லுக்கில் இதற்கு Ignore என்று பெயர், ஆனால் அது பதில்களை Deleted Items-க்கு அனுப்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சிலர் தலைப்பை மாற்றிப் பதில் போடுவார்கள், அப்போது ஜிமெயில் அதைப் புது உரையாடலாக எடுத்துக்கொள்ளும், Mute வேலை செய்யாது. அதற்கு ஒரு ஃபில்டர் போட வேண்டும். தேடல் பெட்டியில் மாறாத சொற்களை மட்டும் இப்படிக் கொடுங்கள்:

```
subject:(பராமரிப்பு பாக்கி)
```

பிறகு தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பட்டனை அழுத்தி Create filter, அதில் Skip the Inbox. Delete it தேர்வு செய்யாதீர்கள், நாளைக்கு அதே தலைப்பில் உண்மையான பில் வரும்.

மெயிலை அனுப்பியவர் நீங்கள்தான் என்றால்

"நிறுத்துங்கள்" என்று சொன்னால் நிற்காது. மக்கள் பதில் போடுவது ஒரு கேள்வி தொங்குவதால். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் நிற்கும். அன்றைக்கு நான் செய்தது இதுதான். இரவு 9.10-க்குப் புது மெயில், புதுத் தலைப்பு, 164 பேரும் பிசிசியில். "12-ம் தேதியும் அதற்குப் பிறகும் கட்டியவை இந்தப் பட்டியலில் சேரவில்லை. கட்டிய ரசீதை இந்த முகவரிக்கு அனுப்பினால் திங்கட்கிழமை திருத்திய கணக்கு தனித்தனியாக வரும். பெயர் வெளியானதற்கு மன்னிக்கவும், இனி பாக்கி விவரம் அந்தந்த வீட்டுக்கு மட்டுமே போகும்." அவ்வளவுதான். கூடவே அதிகமாகச் சத்தம் போட்ட நான்கு பேரை இன்டர்காமில் கூப்பிட்டுப் பேசினேன். 38-இல் 35 பதில்கள் அந்த மெயிலுக்கு முன்னால் வந்தவை, மூன்றுதான் பின்னால்.

புது மெயிலை பிசிசியில் அனுப்பியதற்குக் காரணம் உண்டு. அதற்கு யார் ரிப்ளை ஆல் அழுத்தினாலும் எனக்கு மட்டும்தான் வரும். பெரிய பட்டியலில் ரிப்ளை ஆலுக்குப் பூட்டு என்று ஒன்று இருந்தால் அது பிசிசிதான்.

திரும்பத் திரும்ப வந்தால்

காலாண்டுக்கு ஒரு முறை இதே புயல் அடிக்கிறது என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை, முறையை மாற்ற வேண்டும். காசு செலவில்லாத வழி கூகுள் குரூப்ஸ். ஒரு குழு முகவரி உருவாக்கி, அமைப்புகளில் Who can post என்பதை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று வைத்தால், மற்றவர்கள் அந்த முகவரிக்கு எழுதினாலும் எல்லோருக்கும் போகாது. உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதையும் அங்கேயே நிர்வாகிகளோடு நிறுத்திவிடுங்கள். ஆரம்பிக்கும் அன்றே 164 பேரையும் ஒரேயடியாகச் சேர்க்கப் போனால் தடுத்துவிடக்கூடும், பிளாக் பிளாக்காகச் சேர்ப்பது நல்லது.

அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் 365 என்றால் ரிப்ளை ஆல் புயலைத் தானாகத் தடுக்கும் ஒரு வசதி 2020-இல் இருந்து இருக்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்கள் உள்ள பட்டியல்களுக்கானது, 200 பேர் பட்டியலை அது கண்டுகொள்ளாது. அங்கே அட்மினிடம் கேட்க வேண்டியது வேறு: இந்தக் குழு முகவரிக்கு யார் யார் எழுதலாம் என்று கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். அவருக்கு அது சில நிமிட வேலை.

## அறிகுறி 3: ஒருவருக்கு மட்டும் எழுதியது எல்லோருக்கும் போய்விட்டது

"அந்த 4பி வீட்டுக்காரர் எப்பவும் இப்படித்தான், கண்டுக்காதீங்க" என்று செயலாளருக்கு எழுதிய ஒரு வரி, 4பி வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் போன அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள்.

காரணம் ஒன்று: உங்கள் ஜிமெயிலே ரிப்ளை ஆலைத்தான் முதலில் கொடுக்கிறது. கணினியில் Settings, General பக்கத்தில் Default reply behavior என்று இருக்கும். அது Reply all என்று இருந்தால் Reply என்று மாற்றுங்கள். போன் ஆப்பில் General settings-இல் Default reply action என்று தனியாக இன்னொன்று இருக்கிறது, கணினியில் மாற்றியது இங்கே வராது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

காரணம் இரண்டு: நீங்கள் Reply-தான் அழுத்தினீர்கள், ஆனாலும் எல்லோருக்கும் போனது. இதை நம்பவே மாட்டார்கள், ஆனால் நடக்கும். மெயில் ஒரு குழு முகவரி வழியாக வந்திருந்தால், பதில் எங்கே போக வேண்டும் என்று குழுவை நடத்துகிறவர் முடிவு செய்திருப்பார். Reply அழுத்தியவுடன் To-வில் ஆளின் பெயர் வந்திருக்கிறதா, குழுவின் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குழு என்றால் அதை அழித்துவிட்டு ஆளின் முகவரியைக் கையால் போடுங்கள். குழுவை நடத்துகிறவர் நீங்கள்தான் என்றால், கூகுள் குரூப்ஸ் அமைப்புகளில் Post replies to என்பதை, எழுதியவருக்கு மட்டும் போகும்படி மாற்றிவிடுங்கள்.

போய்விட்டதைத் திருப்பி எடுக்க முடியுமா

ஜிமெயிலில் அந்த 30 வினாடி தாண்டினால் முடியாது. அவுட்லுக்கில் Recall This Message இருக்கிறது, ஆனால் அது ஒரே நிறுவனத்துக்குள், இரு பக்கமும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 இருக்கும்போது மட்டும்தான் பலிக்கும். வெளியே ஜிமெயிலுக்குப் போனதை அது தொடாது. வெளியாட்கள் கலந்த பட்டியலில் ரீகால் போட்டால், "இவர் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்" என்ற மாதிரி இன்னொரு மெயில்தான் அவர்களுக்குப் போகக்கூடும். அதுவரை திறக்காமல் இருந்தவரும் அதைப் பார்த்துவிட்டு முதல் வேலையாகப் பழையதைத் திறந்து படிப்பார்.

அதனால் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரைப் போனில் கூப்பிடுங்கள். அவர் மெயிலைப் பார்ப்பதற்குள் கூப்பிட்டால் இன்னும் நல்லது. 4பி விஷயம் ஒரு கப் காபியில் முடிந்தது. மற்ற 163 பேருக்கு விளக்கம் எதுவும் போகவில்லை, பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இதில் நிபுணர் யாரும் தேவைப்படாது. எழுதியது ஒருவர் மேல் திருட்டு, மோசடி என்று குற்றம் சாட்டுவதாக இருந்தால் மட்டும் எழுத்தில் எதுவும் கொடுக்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். அவசரத்தில் எழுதுகிற மன்னிப்புக் கடிதமே நாளைக்கு ஆதாரமாகத் திரும்பி வரலாம்.

## அறிகுறி 4: ரகசியமாக பிசிசியில் வைத்த ஆள் வெளியே தெரிந்துவிட்டார்

கட்டிடம் கட்டியவரோடு நீர்க்கசிவு பற்றி எங்களுக்கு ஒரு தகராறு. அவருக்கு எழுதிய மெயிலில் எங்கள் வழக்கறிஞரை பிசிசியில் வைத்தோம். வழக்கறிஞர் கோர்ட் வாசலில் நின்றபடி போனில் படித்துவிட்டு, "பார்த்தேன், நோட்டீஸ் தயாராக இருக்கிறது, திங்கள் அனுப்பலாம்" என்று ரிப்ளை ஆல் அழுத்தினார். அது நேராக To-வில் இருந்த கட்டிடம் கட்டியவருக்குப் போனது. பேச்சுவார்த்தை அன்றோடு சரி.

பிசிசியில் இருப்பவர் மற்றவருக்குத் தெரியமாட்டார் என்பது அவர் வாயைத் திறக்காத வரைக்கும்தான். அவர் ரிப்ளை ஆல் போட்டால் To, சிசி எல்லோருக்கும் போகும். அவர் அதுவரை ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் சேர்ந்து போகும்.

சோதித்துப் பார்ப்பது: உங்களுக்கு வந்த மெயிலில் நீங்கள் பிசிசியில் இருக்கிறீர்களா என்பதை அனுப்பியவர் பெயருக்குக் கீழே பாருங்கள். ஜிமெயிலில் bcc: me என்று சிறியதாக இருக்கும். எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் அலுவலகங்களில் பிசிசியில் இருப்பவர் Reply All அழுத்தினால் அவுட்லுக்கே மேலே ஒரு எச்சரிக்கை வரி காட்டும். ஜிமெயிலில் அப்படி எதையும் நம்பி இருக்காதீர்கள். நீங்கள் யாரை பிசிசியில் வைத்தீர்கள் என்று பிறகு தேட வேண்டுமென்றால்:

```
in:sent bcc:vakil@example.com
```

சரிசெய்வது: ஒரே ஆளுக்கு ரகசிய நகல் கொடுக்க பிசிசியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் முடிவு. மெயிலை அனுப்பிவிட்டு, Sent-இல் இருந்து அதை அந்த ஆளுக்குத் தனியாக ஃபார்வர்ட் செய்யுங்கள். அவர் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டும்தான் வரும். பத்து வினாடி கூடுதல் வேலை.

பிசிசியில் வைத்தவர் "அதற்கப்புறம் வந்த பதில்கள் எதுவும் எனக்கு வரவில்லையே" என்று கேட்பதும் இதே கோளாறின் இன்னொரு முகம். முதல் மெயில் மட்டும்தான் அவருக்கு வரும், மற்றவர்களின் பதில் வராது. தொடர்ந்து தெரிந்திருக்க வேண்டியவர் என்றால் அவர் இடம் சிசி, எல்லோரும் பார்க்கட்டும். இதில் ஒரு நல்ல உபயோகமும் உண்டு. ஒருவர் உங்களை வேறொருவருக்கு அறிமுகப்படுத்தி மெயில் போட்டால், பதில் எழுதும்போது அறிமுகம் செய்தவரை சிசியில் இருந்து பிசிசிக்கு இழுத்துவிட்டு, "நன்றி, உங்களை பிசிசிக்கு மாற்றியிருக்கிறேன்" என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். நீங்கள் பதில் போட்டது அவருக்குத் தெரியும், அதற்குப் பின் வரும் இருபது மெயிலில் இருந்து அவர் தப்பித்துக்கொள்வார்.

## அறிகுறி 5: பிசிசியில் ஒழுங்காக அனுப்பியும் சிலருக்கு வரவில்லை

முதலில் ஸ்பாம் பார்க்கச் சொல்லுங்கள். To காலியாக, பிசிசி மட்டும் போட்டு அனுப்பினால் பெறுகிறவருக்கு undisclosed-recipients என்று வரும், பார்ப்பவருக்கே அது மோசடி மெயில் போலத் தோன்றும். அதனால்தான் To-வில் உங்கள் முகவரியைப் போடச் சொல்கிறேன். ஒரு முறை Not spam கொடுத்து உங்கள் முகவரியை கான்டாக்ட்ஸில் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் அடுத்த முறை சரியாகிவிடும்.

அடுத்து உங்கள் இன்பாக்ஸில் Mail Delivery Subsystem என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் முகவரி தப்பு, அல்லது அவர் பெட்டி நிரம்பிவிட்டது. எந்த முகவரி என்று அதிலேயே இருக்கும். எங்கள் பட்டியலில் gmail.com என்பதற்கு gmial.com என்று ஒருவர் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து, நாங்கள் இரண்டு வருடம் அவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

You have reached a limit for sending mail என்று வந்தால் நீங்கள் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். சாதாரண ஜிமெயிலில் ஒரே மெயிலில் 500 பேருக்கு மேல், அல்லது ஒரு நாளில் 500 மெயிலுக்கு மேல் போனால் அனுப்புவது நிற்கும். நான் பெறுநர்களைக் கூட்டியே கணக்கு வைத்துக்கொள்கிறேன்: 164 பேருக்கு ஒரு நாளில் மூன்று சுற்றறிக்கை என்றால் 492, நான்காவதை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுவேன். நின்றுவிட்டால் மறுபடி மறுபடி முயற்சி செய்யாமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், 24 மணி நேரத்துக்குள் தானாகத் திறக்கும்.

பட்டியல் 500-ஐத் தாண்டுகிறது, அல்லது ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பாக்கித் தொகையைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் பிசிசியின் வேலை அங்கே முடிந்தது. அதற்கு மெயில் மெர்ஜ் வேண்டும்: ஒரு தாளில் முகவரியும் தொகையும் இருக்கும், ஆளுக்கொரு தனி மெயில் போகும். எங்கள் பாக்கிப் பட்டியல் இப்போது அப்படித்தான் போகிறது. சி பிளாக்கில் கணினித் துறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தார். அனுப்பும் முன் தாளில் ஒரு வரிசை நழுவியிருந்தால் எல்லார் தொகையும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அதனால் முதல் மூன்று மெயிலை என் முகவரிக்கே அனுப்பி, பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்கிறேன்.